புல் முளைத்த சிரிப்பு

ஜப்பானியர் இணையத்தில் சிரித்தால் புல் முளைக்கும். சிரிப்புக்கு அவர்கள் சொல் ‘வராய்’. அதை ஆங்கில எழுத்தில் தட்டும்போது வரும் முதல் எழுத்தான w மட்டும் சிரிப்பாக நின்றது. சிரிப்பு கூடக் கூட wwww என்று நீண்டது. அது புல்வரிசை போலத் தெரிந்ததால், புல்லைக் குறிக்கும் 草 (குசா) என்ற எழுத்தே சிரிப்பாகிவிட்டது.

இதைத் தமிழாக்குவது எனக்குப் பிடித்த வேலை. ‘புதுக் குடை வாங்கினேன். ரயிலிலேயே விட்டுவிட்டேன். 草’ என்றொரு பதிவு என்று வையுங்கள். ‘புல்’ என்று போட்டால் வாசகர் திகைப்பார். ‘ஹாஹாஹா’ சத்தம் அதிகம். குசா வறண்ட சிரிப்பு, முகம் அசையாமல் சொல்வது. நம்மிடம் ‘சிப்பு’ இருக்கிறது. மீம்களில் நிலைத்த சொல். அதுவும் குசாவைப் போலவே உருக்குலைந்த ‘சிரிப்பு’தான். ‘புதுக் குடை வாங்குனேன். ரயில்லயே விட்டுட்டேன். சிப்பு வருது.’ எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

வாக்கியக் கடைசியில் ஒற்றை w வந்தால் ‘சிப்பு’ பாரம். அங்கே ‘ஹிஹி’ போதும். குசாவுக்குப் பதில் 🌿 வந்தால் அதையும் எடுத்துவிட்டு 😐 வைப்பேன். செடிப்படம் நமக்குச் சிரிப்பைச் சொல்லாது. பதிவின் அடியில் #傘 (குடை) இருந்தால் கைவைக்க மாட்டேன். அது தேடலுக்கான கதவு, மொழிபெயர்த்தால் வேறு வீட்டுக்குத் திறக்கும். ஹேஷ்டேகே நகைச்சுவையின் கடைசி அடியாக இருந்தால் மட்டும் தமிழில் எழுதுவேன்: #குடைக்கு_டாட்டா.