வராத நண்பனிடம் வருத்தத்தைச் சொல்வது

வீடு மாறும் நாளில் வருவதாகச் சொன்ன நண்பன் வராவிட்டால் நம்மில் பலர் அவனிடம் ஒன்றும் கேட்பதில்லை. மற்றவர்களிடம் சொல்லிக் குறைப்படுகிறோம். அவனோடு பேசுவதைக் குறைத்துக்கொள்கிறோம். நேரில் சொல்லிவிடுவதே மேல் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அதிலும் குறைகள் உண்டு.

வேளச்சேரியில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் மேடவாக்கத்துக்குக் குடிபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குட்டியானை வந்து நிற்கிறது. வண்டியோடு வந்தவர்கள் இரண்டே பேர். பீரோவைப் படித் திருப்பத்தில் சாய்த்து இறக்க இன்னொரு ஆள் வேண்டும். வருவேன் என்று வியாழனன்றே சொன்ன நண்பன் போனை எடுக்கவில்லை. தெருமுனையில் ஆள் பிடித்து, கூலி பேசி, இரண்டு நடை அடித்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. இரவில் வாட்ஸ்அப்பில், "சாரி மச்சான், மாட்டிக்கிட்டேன்."

இங்கே வலிப்பது கூலிக்காசு அல்ல. காசு கொடுத்தால் ஆள் கிடைக்கிற ஊரில் நண்பனைக் கூப்பிடுவது, காலியான வீட்டைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்கிற நேரத்தில் தெரிந்தவன் ஒருவன் பக்கத்தில் நிற்கட்டும் என்றுதான். சொல்லும்போது அதையே சொல்ல வேண்டும்: "வரேன்னு சொன்ன, வரல, போனும் எடுக்கல. எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சுடா." இதில் அவன் மறுக்க ஒன்றுமில்லை. "நீ எப்பவுமே இப்படித்தான்" என்றால், வந்த நாட்களை அவன் எண்ணிக் காட்டுவான். "உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் ராத்திரி பகலா நிக்கலையா?" என்றாலோ, அன்று செய்த உதவி இன்று கடனாகிவிடும்.

வாக்குக் கொடுத்தவனிடம்தான் இப்படிக் கேட்க முடியும். நண்பர்கள் குழுவில் "ஞாயித்துக்கிழமை வீடு மாறுறேன்" என்று பொதுவாகப் போட்டுவிட்டு, வராதவனைக் கேட்பது நியாயமில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. முதுகுவலியோ வீட்டுச் சண்டையோ, வெளியே சொல்லக் கூச்சப்படும் காரணம் அவனுக்கு இருக்கலாம். எடுத்த எடுப்பில் நம் வருத்தத்தைக் கொட்டினால், அவன் அதை உடைத்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பொய் சொல்ல வேண்டும். ஆகவே "என்னடா ஆச்சு?" என்பது முதலில் வரட்டும்.

திருக்குறள் 'நட்பு' அதிகாரத்தில் இடித்துரைப்பதை நண்பனின் கடமையாக்குகிறது. இரண்டு அதிகாரம் தள்ளி, 'பழைமை'யில், நெடுநாள் பழகியவர் பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஒருமுறை சொல்வதற்கு முன்னதையும், சொன்னபின் பின்னதையும் கைக்கொள்ளலாம்.

"அப்புறம் பீரோவை யாருடா இறக்கினது?" என்று அவன் கேட்டால் உறைத்திருக்கிறது என்று பொருள். காரணங்களை மட்டுமே அடுக்கினால் மறுபடி சொல்லிப் பயனில்லை. அடுத்த முறை சாமான் இறக்கக் கூலிக்கு ஆள் பேசிக்கொள்ளுங்கள். அவனைப் புது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.