பேரேடு இல்லாத நோட்டு

திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்து நூலகக் கட்டடத்தில், மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் மாதக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக் கணக்கு எழுதுவது பற்றிப் பேச ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். கூட்டத்துக்குப் பதினைந்து பேர், ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. ஒன்றரை மணி நேரப் பேச்சில் பாதி அருமையாக இருந்தது. மறுபாதி அந்தப் பெண்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுமோ என்ற கவலையோடுதான் எழுந்து வந்தேன்.

முதலில் அருமையானது. பயிற்சியாளர் பட்ஜெட், திட்டமிடல் என்று எதையும் தொடங்கவில்லை. "இன்னைக்கு ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கிற காசு மொத்தத்தையும் எண்ணுங்க. சுருக்குப் பை, அரிசி டப்பா, சாமி உண்டியல், போன்ல கிடக்கிறது எல்லாம். அதுதான் முதல் வரி" என்றார். மறுநாள் இரவு, நேற்றைய மீதியோடு வந்ததைக் கூட்டி, போனதைக் கழித்து, மறுபடி கையில் உள்ளதை எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சரிக்கட்டாதீர்கள், வித்தியாசத்தை அப்படியே 'விட்டுப்போனது 40' என்று எழுதுங்கள் என்றார். இதைச் சொல்கிறவர்கள் குறைவு. பெரும்பாலான கணக்கு நோட்டுகள் சாவதே இந்த நாற்பது ரூபாயில்தான். கணக்கு உதைக்கிறது, யோசித்துப் பார்த்தால் நினைவு வரவில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிய நோட்டு பிறகு திறப்பதில்லை. வித்தியாசத்தை ஒப்புக்கொள்ள ஒரு வரி இருந்தால் நோட்டு பிழைத்துக்கொள்ளும்.

குழுக்களின் கணக்கைப் பல ஆண்டுகள் சரிபார்த்தவன் என்பதால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த நோட்டைப் பார்த்தாலும் முதலில் மையைப் பார்ப்பேன். ஒரு மாதம் முழுக்க ஒரே மை, ஒரே சாய்வு, அடித்தல் திருத்தல் எதுவும் கிடையாது, எல்லாத் தொகையும் பூஜ்யத்தில் முடிகிறது என்றால், அது கூட்டத்துக்கு முந்தின இரவு உட்கார்ந்து எழுதினது. உண்மையான நோட்டில் எண்ணெய்க் கறை இருக்கும், 'விட்டுப்போனது' இருக்கும்.

அடுத்து வந்தது சிக்கல். ஏற்கெனவே ஒரு மாதம் எழுதிப் பார்த்த அக்கா ஒருவரின் நோட்டைப் பயிற்சியாளர் வாங்கி, கரும்பலகையில் எழுதிக் காட்டினார். இடப்பக்கம் வரவு: கணவர் கொத்துவேலையில் வீட்டுக்குக் கொடுத்தது 8,000, தையல் கூலி 3,000, உரிமைத் தொகை 1,000, குழுவில் வந்தது 10,000. ஆக 22,000. வலப்பக்கம் செலவு: மகளின் கல்லூரிக் கட்டணம் 7,500, நுண்கடன் வாரத் தவணை நான்கு வாரத்துக்கு 2,200, சாப்பாடு, காஸ், பஸ், மருந்து என்று மற்றதெல்லாம் சேர்த்து 9,700. ஆக 19,400. மீதி 2,600. "பாருங்க, எழுத ஆரம்பிச்ச மொத மாசமே 2,600 மிச்சம். இதை அப்படியே சேமிப்புல போட்டுடுங்க" என்றார். கை தட்டினார்கள். அந்த அக்கா மட்டும் தட்டவில்லை.

அவர் தட்டாததில் காரணம் இருக்கிறது. குழுவில் வந்த 10,000 கடன். அதை எடுத்துவிட்டால் அந்த வீட்டின் மாத வருமானம் 12,000. செலவு 19,400. ஆக 7,400 ரூபாய் கடனிலிருந்துதான் போயிருக்கிறது. இது போக மளிகைக் கடையில் பாக்கி 1,850. காசு கை மாறாததால் அது நோட்டிலேயே இல்லை.

அடுத்த மாதத்தைப் பார்த்தால் இன்னும் விளங்கும். கல்லூரிக் கட்டணம் கிடையாது, நல்லது. ஆனால் குழுக் கடனுக்கு முதல் தவணை: பத்து மாதத்தில் அடைப்பதாக அசல் 1,000, நூற்றுக்கு ஒரு வட்டியில் 100. வாரத் தவணை 2,200. மற்றச் செலவு அதே 9,700. கூட்டினால் 13,000. வருமானம் 12,000. மிச்சம் என்று கைதட்டல் வாங்கிய 2,600-இல் ஆயிரம் அதற்கே போய்விடும். மீதி 1,600-ஐ வைத்து 1,850 மளிகைப் பாக்கியைக் கூடத் தீர்க்க முடியாது. அதைச் சேமிப்பில் போட்டிருந்தால், பாக்கி தீர்க்க வேறிடத்தில் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும்.

இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், இந்தத் தவற்றைக் குழுவின் கணக்கில் அந்தப் பெண்கள் செய்யவே மாட்டார்கள். குழுவில் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு என்று தனித்தனியாக இருக்கிறது. வங்கிக் கடன் வந்தால் ரொக்கப் புத்தகத்தில் வரவு வைப்பார்கள், உடனே பேரேட்டில் கடன் கணக்குக்கு ஒரு பக்கம் திறப்பார்கள். வந்த பணம் லாபம் என்று எந்த ஊக்குநரும் நினைத்ததில்லை. 1989-இல் தருமபுரியில் குழுக்கள் தொடங்கிய நாளிலிருந்து தமிழ்நாட்டுப் பெண்கள் பழகி வந்த கணக்கு இது. பயிற்சியாளர் அதில் ரொக்கப் புத்தகத்தை மட்டும் எளிமையாக்கி வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். பேரேட்டைக் குழுவிலேயே விட்டுவிட்டார். எளிமை என்று எதைக் கழிக்கிறோம் என்பது முக்கியம். கடனில் ஓடுகிற வீட்டில் கழிக்கக் கூடாத பக்கம் அது.

சேர்ப்பதும் கடினமில்லை. அதே நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம்: யாரிடம், எவ்வளவு, கொடுத்தது, பாக்கி. முன்பக்கத் தலைப்பு 'வருமானம்' வேண்டாம், 'வந்தது' போதும். மாதக் கடைசியில் முன்பக்க மீதியையும் பின்பக்கப் பாக்கிகளின் கூட்டுத்தொகையையும் அடுத்தடுத்து எழுத வேண்டும். போன மாதத்தைவிடப் பாக்கி கூடியதா குறைந்ததா என்பது அப்போது தெரிந்துவிடும்.

'வீண்செலவு' என்று வட்டம் போடச் சொன்ன பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூவுக்கும் டீக்கும் போட்ட வட்டங்களைக் கூட்டினால் 340 ரூபாய் வந்தது. ஜூனில் மொத்தமாக வரும் கட்டணத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

பேச்சு தொடாத இன்னொன்று, நோட்டை யார் பார்ப்பார்கள் என்பது. "சிறுவாட்டையும் எழுதணுமா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். சிரிப்பு எழுந்தது. "எல்லாத்தையும் எழுதணும்க்கா" என்று பதில் வந்தது. சிறுவாட்டின் பலமே அது வீட்டில் யாருக்கும் தெரியாது என்பதுதான். எழுதின அன்றைக்கே அது கேட்டு வாங்கக்கூடிய பணமாகிவிடும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள் என்றார். பிள்ளை எழுதும் நோட்டில் அம்மா எல்லாக் கடனையும் சொல்வாள் என்று எனக்கு நம்பிக்கையில்லை. சிறுவாட்டை எழுதாமல் விடலாம், முதல் நாள் எண்ணும்போதே அதைச் சேர்க்காவிட்டால் கணக்கு உதைக்காது. கடனை அப்படி விடக் கூடாது.

கூட்டம் கலைந்ததும் கைதட்டாத அக்காவிடம் பின்பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். மளிகை ஒரு பக்கம், குழு ஒரு பக்கம், வாரத் தவணை ஒரு பக்கம். நான்காவது பக்கத்தில் பேனா நின்றது.

"தங்கச்சி தோட்டை வாங்கி அடகு வெச்சிருக்கேண்ணே. கடைக்காரருக்குப் பணம் கொடுக்கணும், அவளுக்குத் தோடு கொடுக்கணும். இதை யார் பேருல எழுதுறது?"

அடகுத் தொகையைக் கடைப் பெயரிலும், அதற்குக் கீழே தோட்டின் கிராமையும் தங்கையின் பெயரையும் எழுதச் சொன்னேன். கிராம் அவருக்குத் தெரியவில்லை. அடகுச் சீட்டு வீட்டில் இருக்கிறது என்று, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நோட்டை மூடினார்.