108 எம்.பி. சேலைக்கடை 1 எம்.பி.யில் திறந்த கதை

அண்ணியின் சுங்குடிச் சேலைக் கடைக்கு ஒரு இணையதளம் உண்டு. போன வாரம் வரை அதைப் போனில் திறந்தால் வெள்ளைக் கட்டங்கள்தான் தெரியும். "தம்பி, சேலை வர்றதுக்குள்ள ஆளு போயிடுறாங்க" என்பார் அண்ணி. இப்போது தட்டியதும் சேலை வந்து நிற்கிறது! அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கோளாறு எங்கே என்று பார்க்க, மடிக்கணினியில் குரோமில் F12 அழுத்தி, Network பகுதியில் Img என்பதைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தை மறுபடி திறந்தேன். 24 சேலைகள், ஒவ்வொரு படமும் சுமார் 4.5 எம்.பி. மொத்தம் 108 எம்.பி.! போன் கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தோம். ஒரு படம் 3000-க்கு 4000, அதாவது 1 கோடியே 20 லட்சம் பிக்சல். போன் திரையில் அது வந்து உட்காரும் கட்டமோ உள்ளங்கையில் பாதிதான். கட்டத்தைச் சிறிதாக வைத்தால் படமும் சிறிதாகிவிடும் என்று நினைத்திருந்தோம். உண்மையில் முழுக் கோப்பும் இறங்கி, அத்தனை பிக்சலையும் போன் விரித்த பிறகுதான் அது சுருங்கித் தெரிகிறது.

ஆகவே முதல் வேலை, அளவைக் குறைப்பது. எங்கள் கட்டத்துக்கு, கூர்மையான போன் திரையிலும் 800 பிக்சல் அகலம் தாராளம். அந்த ஒரு மாற்றத்திலேயே ஒரு படம் எட்டரை லட்சம் பிக்சலுக்கு இறங்கிவிடுகிறது. அடுத்தது வெப்பி வடிவத்துக்கு மாற்றுவது. இங்கேதான் எனக்குப் பயம். சுங்குடி என்றாலே கையால் முடிச்சுப் போட்டு வரும் அந்தப் புள்ளிகள்தான். சாதாரணமாகச் சுருக்கியபோது மெரூன் நிறம் வெள்ளைப் புள்ளிகளுக்குள் கசிந்து மங்கியது. வெளிச்சத்தைவிட நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தில் சேமிப்பது வெப்பியின் வழக்கம். அதனால்தான் அழுத்தமான சிவப்பின் ஓரங்களில் இப்படி ஆகிறது. அதற்கும் மருந்து இருக்கிறது:

```
cwebp -q 80 -sharp_yuv -resize 800 0 selai.jpg -o selai.webp
```

அந்த `-sharp_yuv` செய்த வேலையைப் பாருங்கள்! பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளியின் விளிம்பு மறுபடியும் எடுப்பாகத் தெரிந்தது. கோப்பு 120 கே.பி. சொச்சம்தான். தரத்தை 50-க்கு இறக்கியும் பார்த்தேன். நெசவின் இழை அழிந்து துணி பிளாஸ்டிக் போல ஆனது. சேலைக்கு 80-ஐ விட்டு இறங்காதீர்கள். சில போன் படங்கள் இந்தக் கட்டளையில் பக்கவாட்டில் சாய்ந்து வரும். அவற்றை முதலில் நேராகத் திருப்பிச் சேமித்துவிட்டு மாற்ற வேண்டும். கட்டளை எழுதத் தயங்குகிறவர்கள் ஸ்குவூஷ் தளத்தில் ஒவ்வொரு படமாகச் செய்யலாம். பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும்.

24 படமும் இப்போது 3 எம்.பி.க்குள். ஆனால் கீழே உள்ள சேலையை இறங்கிப் பார்க்காதவருக்கு அதை ஏன் இப்போதே அனுப்ப வேண்டும்? அதற்குத்தான் லேசி லோடிங். ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும்:

```
<img src="selai.webp" width="800" height="1067"
     loading="lazy" alt="மெரூன் சுங்குடிச் சேலை">
```

2022 முதல் சஃபாரியும் இதை ஏற்பதால் தனி நிரல் எதுவும் வேண்டாம். அகலம், உயரம் இரண்டையும் எழுதி, சிஎஸ்எஸ்ஸில் `height: auto` வையுங்கள். படம் வருமுன்னே அதற்கான இடம் ஒதுக்கப்பட்டுவிடும். இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது பக்கம் குதித்து, ஒரு சேலையைத் தொடப்போன விரல் வேறொன்றைத் தொட்டுவிடும்.

ஒரு தப்பும் செய்தேன். மேலே இருக்கும் பெரிய முகப்புப் படத்துக்கும் `lazy` போட்டுவிட்டேன். பக்கத்தின் அமைப்பு தெரியும்வரை அதைக் கேட்காமல் உலாவி காத்திருந்ததால் முகப்பு தாமதமாக வந்தது. லைட்ஹவுஸ் சோதனை அதைச் சுட்டிக்காட்டியது. திறந்ததும் கண்ணில் படும் படத்துக்கு `lazy` கூடாது. முகப்புப் படத்துக்கு `fetchpriority="high"` என்று எழுதியதும் அதுதான் முதலில் வருகிறது.

மறுபடி F12 திறந்து பக்கத்தை மெதுவாக நகர்த்தினேன். அடடா, என்ன அழகு! நான் இறங்க இறங்க, அடுத்த வரிசை திரைக்கு வரும் முன்பே அதன் படங்கள் பட்டியலில் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வருகின்றன. திறக்கும்போது இறங்குவது 1 எம்.பி. அளவுதான். அண்ணி தன் பழைய போனில் திறந்து, கடைசிச் சேலை வரை நிற்காமல் தள்ளிப் பார்த்தார். "புள்ளி எண்ணலாம் போல இருக்கு தம்பி" என்றார்.

உங்களுக்கும் கடைத் தளம் இருந்தால் இன்றைக்கே F12 அழுத்தி, படங்களின் மொத்த எடையைப் பாருங்கள். எம்.பி. கணக்கில் ஒரே ஒரு படம் நின்றாலும் அதிலிருந்து தொடங்குங்கள். மூலப் படங்களை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஒருமுறை சுருக்கியதைத் திரும்ப விரிக்க முடியாது.