அப்பாயிக்கு 80

அப்பாயி, கூடத்தில் மாட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

அதில் தேதி இல்லை. ஆனால் பின்னால் நிற்கும் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரம். பல வருஷம் ஓடாமல் நின்ற தேர், திருச்சி பெல் நிறுவனத்தின் உதவியோடு இரும்புச் சக்கரம் பூட்டி 1970-ல்தான் மறுபடி ஓடியது. ஆக, அப்போது உங்களுக்கு 25 வயதாவது இருக்கும்.

இடுப்பில் அப்பா. கையில் நீர்மோர்ச் செம்பு. வடம் பிடித்தவர்களுக்கு ஊற்றி ஊற்றிப் புடவைக் கொசுவம் முழங்கால்வரை நனைந்து கறுத்திருக்கிறது.

ஓரத்தில் தாத்தா, தோளில் முட்டுக்கட்டை. உருளும் சக்கரத்துக்கு அடியில் அதைச் செருகித்தான் தேரை நிறுத்துவார்கள், திருப்புவார்கள். கை தப்பினால் ஆள் போச்சு. எல்லோரும் கேமராவைப் பார்க்க, நீங்கள் மட்டும் தாத்தாவின் கைகளையே பார்க்கிறீர்கள். எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்தது அந்தப் பார்வைதான்.

அடுத்த தேருக்கு எல்லோரும் திருவாரூர் வந்துவிடுங்கள். மோர் அப்பாயி கையால்.