48 பிக்சல் தாமிரபரணி

ஆனி மாதக் காலை ஒன்றில் என் தம்பி குறுக்குத்துறையில் எடுத்த படம் இது. ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயிலின் கல்சுவர், அதன் இரு பக்கமும் பிரிந்து ஓடும் தாமிரபரணி, மேலே மேற்கிலிருந்து வரும் சாம்பல் மேகங்கள். வெள்ளம் வந்தால் மூழ்கிப்போகும் கோயில். அன்று ஆற்றில் முழங்காலளவு தண்ணீர்தான். கையில் வைத்துப் பார்த்தபோது அழகான படம் என்று மட்டும்தான் தோன்றியது. அந்த நீரையும் மேகத்தையும் மட்டும் மெல்ல நகரவிட்டு, முடிவே தெரியாமல் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சின்ன வீடியோவாக்க உட்கார்ந்த பிறகுதான் அந்தப் படத்தையே நான் பார்க்கத் தொடங்கினேன். நீங்களும் கொஞ்சம் அருகே வாருங்கள்.

முதலில் நீரின் மேனி. தம்பி ஷட்டரை விநாடியில் இருபதில் ஒரு பங்கு வைத்திருக்கிறான். தெரிந்து வைத்தானோ, வெளிச்சம் போதாமல் வைத்தானோ, கை நடுங்காமல் எடுத்துவிட்டான். ஆயிரத்தில் ஒரு பங்கு வைத்திருந்தால் ஒவ்வொரு துளியும் கண்ணாடி மணியாக அந்தரத்தில் உறைந்திருக்கும். அதை நகர்த்தினால் துளிகள் கொஞ்ச தூரம் போய் மங்கி மறையும், பேய்ப்படம் மாதிரி. ஒரு விநாடி முழுக்கத் திறந்து வைத்திருந்தால் நீர் பால்போல் வழவழத்துவிடும். அதுவும் உதவாது. வெறும் வெண்பட்டைப் பக்கவாட்டில் இழுத்தால் அது நகர்கிறது என்று கண்ணுக்கு எப்படித் தெரியும்? பட்டில் ஒரு இழையாவது, ஒரு முடிச்சாவது வேண்டும். இந்தப் படத்தின் நீரில் அது இருக்கிறது. போகும் திசையில் லேசாக இழுபட்ட வெள்ளிக் கீற்றுகள், ஆனால் ஒவ்வொரு கீற்றுக்கும் தலையும் வாலும் உண்டு. ஓடும் நீர் என்று சொல்லும் அளவு மென்மை, ஓட்டத்தைக் கண் பிடித்துக்கொள்ளும் அளவு சொரசொரப்பு.

அடுத்தது அம்புகள். எந்த இடத்து நீர் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைப் படத்தின் மேல் சின்னச் சின்ன அம்புகளாக வரைய வேண்டும். கைப்பேசியில் மோஷன்லீப் போன்ற செயலிகளில் விரலால் இழுப்பதும் இதைத்தான். எல்லா அம்பையும் ஒரே நீளத்தில் போட்டால் ஆறு ஒரு தட்டையான பாயாக, சுருட்டி இழுப்பதுபோல் நகரும். நம் காலடியில் இருக்கும் நீருக்கு நீளமான அம்பு, அக்கரை ஓரத்து நீருக்குக் குட்டி அம்பு. நான் இந்தப் படத்தில் காலடி நீருக்கு 48 பிக்சலும் அக்கரை நீருக்கு 8 பிக்சலும் கொடுத்தேன். வானத்தில் இது தலைகீழ். படத்தின் மேல் விளிம்பில் இருக்கும் மேகம்தான் நம் தலைக்கு மேலே, அருகில் இருப்பது. கீழே, தென்னந்தோப்பைத் தொடும் மேகம் எங்கோ தொலைவில். ஆகவே மேலே நீண்ட அம்பு, அடிவானத்தை நோக்கி வர வர குறுகிய அம்பு. இவ்வளவுதான். அதற்கே அந்தத் தட்டைப் படத்துக்குள் ஒரு ஆழம் திறந்துகொள்கிறது, சாளரத்தின் கதவைத் தள்ளியதுபோல.

இனி நான் மிகவும் சொக்கிப்போன இடத்துக்கு வருகிறேன். 48 பிக்சல் நகர்ந்த நீர் அதன்பின் என்ன செய்யும்? படம் ஒன்றுதான். மேற்கொண்டு வர நீர் இல்லை. பழைய இடத்துக்குத் துள்ளித்தான் ஆக வேண்டும். அந்தத் துள்ளலை எப்படி மறைப்பது?

அதற்கு ஒரே படத்தின் இரண்டு பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிடுகிறோம். ஒவ்வொரு பிரதியும் அசல் இடத்துக்கு 24 பிக்சல் பின்னாலிருந்து புறப்பட்டு 24 பிக்சல் முன்னால் போய் முடிகிறது. விநாடிக்கு 24 பிரேம் என்றால், பிரேமுக்கு ஒரு பிக்சல், மொத்தம் இரண்டு விநாடிப் பயணம். புறப்படும்போது அது கண்ணுக்கே தெரியாது. போகப் போகத் துலங்கி, பாதி வழியில் முழுதாகத் தெரிந்து, பிறகு மங்கி, முடியும்போது மறுபடி இல்லாமல் போகிறது. துள்ளிப் பின்னால் வருவது அந்த இல்லாத நொடியில்தான். இரண்டாவது பிரதி சரியாகப் பாதிப் பயணம் தள்ளி ஓடுகிறது. ஒன்று மறையும் நேரத்தில் மற்றது முழு ஒளியில் நிற்கிறது. இரண்டு ஆட்கள் முறைவைத்துப் பாட்டைத் தாங்குவதுபோல. ஒருவர் மூச்சு வாங்கும் இடம் நம் காதுக்கு எட்டுவதே இல்லை, மற்றவர் அங்கே நிறைந்திருக்கிறார்.

இதற்குள் இன்னொரு நயம் ஒளிந்திருக்கிறது. ஒரு பிரதி முழுதாகத் தெரியும் அந்த நொடியில் அது எங்கே இருக்கிறது? பயணத்தின் நட்ட நடுவில், அதாவது அசல் இடத்திலேயே. எனவே ஒவ்வொரு விநாடியும் ஒரு முறை, ஒரு பிரேம் மட்டும், திரையில் தெரிவது தம்பி எடுத்த அதே புகைப்படம், ஒரு மாற்றமும் இல்லாமல். ஓடுகிற ஆற்றுக்கு நடுவே நின்ற படம் வந்து வந்து முகம் காட்டிவிட்டுப் போகிறது. பயணம் இரண்டு விநாடி என்றாலும் சுற்று ஒரு விநாடிதான் என்பதும் இதனால்தான். இது புரியாமல் முதலில் நான் இரட்டிப்பு நீளத்துக்குக் கோப்பு செய்து வைத்திருந்தேன்.

ஆனால் அதுவே ஒரு குறையும் ஆகிறது. அசல் படம் தெரியும் பிரேமில் கூர்மை. பன்னிரண்டு பிரேம் கழித்து, ஒரு பிரதி 12 பிக்சல் முன்னாலும் மற்றது 12 பிக்சல் பின்னாலும் சரிபாதியாகக் கலந்திருக்கும்போது கீற்றுகள் ஒன்றையொன்று அழித்து நீர் கொஞ்சம் மழுங்குகிறது. கூர்மை, மழுக்கம், கூர்மை, மழுக்கம். படத்தைக் கைதூரத்தில் பிடித்து, எதையும் குறிப்பாகப் பார்க்காமல் பாருங்கள், ஆறு மூச்சு விடுவது தெரியும். ஒரு ஆறு விநாடிக்கு ஒரு முறை மூச்சு விடக் கூடாது.

வீடியோ கேம் செய்பவர்கள் இதைச் சந்தித்துத் தீர்த்திருக்கிறார்கள். வால்வ் நிறுவனத்தின் அலெக்ஸ் விலாக்கோஸ், போர்டல் 2 விளையாட்டின் தண்ணீரைப் பற்றி 2010-இல் சிக்ராஃப் மாநாட்டில் விளக்கியபோது இதே இரட்டைப் பிரதி முறையைத்தான் சொன்னார். மூச்சை அடக்க அவர் காட்டிய வழி எளியது. எல்லா இடமும் ஒரே நேரத்தில் புறப்பட வேண்டாம். இங்கே கொஞ்சம் முந்தி, அங்கே கொஞ்சம் பிந்தி என்று ஒழுங்கில்லாமல் சிதறடித்துவிட்டால் போதும். மழுக்கம் ஆறு முழுக்க ஒரே வேளையில் வராமல் திட்டுத் திட்டாக அலைந்து, நீரின் இயல்பான சலனத்தோடு கரைந்துவிடுகிறது. நான் அப்படிச் செய்தபின், அசல் படம் முழுதாக முகம் காட்டும் பிரேம் என்று ஒன்று இல்லாமல் போனது. ஆனால் எந்தப் பிரேமை நிறுத்திப் பார்த்தாலும் எங்கோ ஒரு மூலையில், ஒரு உள்ளங்கை நீர், அசலாகவே இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு சுகம்.

கோயில் சுவரின் மேல்நீர்ப் பக்கத்துக்கு வாருங்கள். அங்கே நீர் கல்லில் முட்டி ஒரு சிறு மேடாக எழும்பி நிற்கிறது. நிஜ ஆற்றில் அந்த மேடு எங்கும் போவதில்லை. அதே இடத்தில் நிற்கிறது, நீர்தான் அதன் வழியே போகிறது. இதை எப்படிச் செய்வது என்று நான் கவலைப்பட்டேன். ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மேட்டின் அகலம் 300 பிக்சலுக்கு மேல். 24 பிக்சல் முன்னும் பின்னுமான கலப்பில் அது அசைந்ததே தெரியவில்லை. அதன் மேலிருக்கும் நுண்கீற்றுகள் மட்டும் வழுக்கி ஓடுகின்றன. பெரிய உருவம் நிற்க, சிறிய இழை ஓட! பொதிகை உச்சியில் மேகம் காலை முழுக்க உட்கார்ந்திருக்க, காற்று மட்டும் அதற்குள் நுழைந்து வெளியேறிக்கொண்டே இருக்குமே, அதே நடை. 1991-இல் ஃப்ரீமன், அடெல்சன், ஹீகர் என்ற மூவர் ஒரு படத்தைக் கொஞ்சமும் இடம் பெயர்க்காமலே ஓயாமல் நகர்வதாகக் கண்ணுக்குக் காட்ட முடியும் என்று எழுதிய கட்டுரைக்கு வைத்த பெயரின் பொருளே 'இடப்பெயர்ச்சியில்லா இயக்கம்'தான். தாமிரபரணியின் அந்தக் கல்லடி மேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

கீழ்நீர்ப் பக்கம்தான் என்னை மூன்று இரவு தூங்கவிடவில்லை. நீர் நகர வேண்டுமானால் பின்னாலிருந்து நீர் வர வேண்டும். சுவருக்குக் கீழே பின்னால் இருப்பது கல். நீரோடு கல்லும் இழுபட்டு, சுவர் விளிம்பில் சாயம் போன சேலைக்கரை மாதிரி ஒரு சிவப்புக் கசிவு வந்தது, சுவரில் காவி அடித்திருந்ததால். கல்லுக்கு ஆணி அடித்ததுபோல் நிலைப்புள்ளிகள் வைத்தேன். கசிவு நின்றது, ஆனால் அருகிலிருந்த நீர் ரப்பராக நீண்டது. கடைசியில் கோயிலைத் தனியே வெட்டி எடுத்து வைத்துவிட்டு, அது நின்ற இடத்தையும் நீரால் நிரப்பினேன். கோயிலே இல்லாத ஆற்றை முழுதாக ஓடவிட்டு, அதன்மேல் அசையாத கோயிலை மறுபடி வைத்தேன், விளிம்பை இரண்டு பிக்சல் மட்டும் இளக்கி. இப்போது நீர் கல்லுக்கு அடியிலிருந்து புறப்பட்டு வருவதுபோல் வருகிறது. வெள்ளத்தில் மூழ்கி எழும் கோயிலை ஒரு முறை நானும் எடுத்து வைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மேகங்களுக்கு நான் எட்டு விநாடிப் பயணம் வைத்தேன், அதாவது நான்கு விநாடிச் சுற்று. அதற்குள் நீர் நான்கு முறை சுற்றி முடித்திருக்கும். இரண்டும் ஒன்றாக வந்து சேருமிடத்தில் வெட்டினால்தான் தையல் தெரியாது. நீரில் விழுந்திருந்த கோயிலின் நிழலை முதலில் நீரோடு ஓடவிட்டு, கோயிலே ஆற்றோடு போவதைப் பார்த்து நானே சிரித்துவிட்டேன். நிழல் நிற்க வேண்டும், கொஞ்சம் நெளிய வேண்டும், அவ்வளவுதான். மேகத்தின் நிழல் மேகத்தோடு போக வேண்டும்.

சுவர்மேல் ஒரு காக்கை இருக்கிறது. அதை நான் தொடவில்லை. அம்மாவிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். நான்கு விநாடி எத்தனை முறை சுற்றியிருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன், முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

"ஏல, அந்தக் காக்கா எப்பம் பறக்கும்?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.