எழுந்து போக முடியாத பாட்டுகள்

பாட்டே இல்லாத ஒரு தொடரில் ஒரே ஒரு எபிசோடில் மட்டும் எல்லோரும் பாடி ஆடினால், அது பெரும்பாலும் ஒரு வாரக் கூத்தாக முடிந்துபோகும். அடுத்த வாரம் கதை விட்ட இடத்திலிருந்து கிளம்பும், பாடியவர்களுக்கே பாடியது மறந்துபோயிருக்கும். ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ தொடரில் 2001 நவம்பர் 6 அன்று ஒளிபரப்பான ‘ஒன்ஸ் மோர், வித் ஃபீலிங்’ அந்த ரகம் கிடையாது. நம் தியேட்டர்களில் பாட்டு வந்ததும் டீ குடிக்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்கள் இந்த எபிசோடில் எழுந்து போனால் திரும்பி வரும்போது கதை அவர்களை விட்டுப் போயிருக்கும். அது எப்படிச் சாத்தியமானது என்பதுதான் இந்த வார அலசல்.

எபிசோடை எழுதி இயக்கியவர் தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன். பாட்டு, மெட்டு இரண்டும் அவருடையவையே. முறையாக இசை பயின்றவர் இல்லை என்பதால் சீசன் இடைவேளையில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் முட்டி மோதி எழுதினார். ஆனால் அவருடைய திட்டத்தின் முதல் படி மெட்டு போடுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. யாரிடம் என்ன ரகசியம் இருக்கிறது என்ற கணக்குதான் அந்தப் படி.

இது ஆறாவது சீசனின் ஏழாவது எபிசோட். முந்தைய ஆறில் ஒவ்வொருவர் வாயிலும் ஒரு பூட்டு மாட்டப்பட்டிருந்தது. செத்துப்போன பஃபியை நண்பர்கள் மந்திரத்தால் உயிர்ப்பித்தார்கள், நரகத்திலிருந்து மீட்டுவிட்டதாக நம்புகிறார்கள். அவள் இருந்ததோ சொர்க்கம். அது ரத்தக்காட்டேரி ஸ்பைக்குக்கு மட்டுமே தெரியும். அந்த நண்பர்களில் ஒருத்தியான வில்லோ தன் காதலி டாராவோடு சண்டை போட்டுவிட்டு, அந்தச் சண்டையையே டாராவின் நினைவிலிருந்து மந்திரம் போட்டு அழித்திருக்கிறாள். சாண்டரும் ஆன்யாவும் கல்யாணத்தை அறிவித்துவிட்டு உள்ளுக்குள் நடுங்குகிறார்கள். தான் பக்கத்தில் இருக்கும்வரை பஃபி சொந்தக்காலில் நிற்கமாட்டாள் என்று வழிகாட்டி ஜைல்ஸுக்குத் தோன்ற ஆரம்பித்திருக்கிறது.

அடுத்த படி, இவர்கள் ஏன் பாடவேண்டும் என்பதற்கு ஒரு விதி. ஊருக்குள் ஒரு பேய் வருகிறது. அது வந்த இடத்தில் எல்லோரும் பாடுவார்கள், மனசில் ஒளித்தது பாட்டாக வெளியே வரும், கட்டுக்கடங்காமல் போனால் ஆடி ஆடியே எரிந்து சாவார்கள். இந்த விதியில் காரணமும் இருக்கிறது, விலையும் இருக்கிறது. தெருவில் போக்குவரத்து அபராதச் சீட்டு வாங்கிய ஒரு பெண் பின்னணியில் பாடிக் கெஞ்சிக்கொண்டிருப்பாள். முன்னால் நம் ஆட்கள் பேசியபடி நடப்பார்கள். ஊரே பாடுகிறது என்பதை அந்தச் சிரிப்புக் காட்சி சொல்லிவிடுகிறது. (அந்தப் பெண்ணாக வந்தவர் தொடரின் தயாரிப்பாளர்களில் ஒருவரான மார்ட்டி நாக்சன்.)

விதி தயாரானதும், பாட்டுகளை வரிசைப்படுத்துவதுதான் மிச்சம். டாராவின் பாட்டை மட்டும் கவனித்தாலே சூட்சுமம் பிடிபடும். பூங்காவில் அவள் வில்லோவைப் பார்த்துக் காதல் பொங்கப் பாடுகிறாள், தான் அவளுடைய மாயத்தில் கட்டுண்டிருப்பதாக. கேட்கிறவர்களுக்கு அது வெறும் காதல் உவமை. பிறகு பஃபியின் தங்கை டான், நீங்கள் இருவரும் சண்டையை மறந்து சமாதானமானதில் சந்தோஷம் என்று சும்மா சொல்லி வைக்கிறாள். எந்தச் சண்டை? டாராவுக்கு நினைவில்லை. மந்திரக்கடைக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டுகிறாள், தன்னிடம் இருந்த செடி மறதிக்கான மூலிகை என்று தெரிகிறது. அங்கே அதே மெட்டு திரும்ப வருகிறது. உவமையாகக் கேட்ட சொல் இப்போது குற்றச்சாட்டு. டாரா உண்மையிலேயே மாயத்தில்தான் கட்டுண்டிருந்தாள்.

அதே கடையின் பின்னறையில் இன்னொரு பாட்டு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. பஃபி பயிற்சி செய்துகொண்டிருக்க, தான் அவளுக்குத் தடையாக நிற்கிறோம் என்று ஜைல்ஸ் பாடுகிறார். பாடி முடித்ததும் பஃபி திரும்பி, ஏதாவது சொன்னீர்களா என்று கேட்கிறாள். அவள் காதில் ஒன்றுமே விழவில்லை. டாராவின் மெட்டு திரும்ப வரும்போது ஜைல்ஸின் மெட்டும் அதோடு பின்னிக்கொள்கிறது. இரண்டு பேர் இரண்டு பேரை விட்டுப் போக முடிவெடுக்கும் காட்சி, ஒரே பாட்டில் முடிகிறது. வசனமாக எழுதியிருந்தால் இதற்கு இரண்டு நீண்ட காட்சிகள் தேவைப்பட்டிருக்கும்.

உச்சம் பஃபியின் பாட்டு. பேயின் முன்னால், நண்பர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தான் சொர்க்கத்திலிருந்து பிடுங்கி இழுக்கப்பட்டதைப் பாடிவிடுகிறாள். வில்லோவின் முகம் இடிந்துபோகிறது. பாட்டுக்குப் பிறகு ஆட்டம், ஆட்டத்துக்குப் பிறகு நெருப்பு என்ற விதிப்படி பஃபி எரியத் தொடங்கும்போது ஸ்பைக் பிடித்து நிறுத்துகிறான்.

இனி ஆட்டக்காரர்கள். எல்லோருக்கும் ஒரே அளவு குரல் வாய்க்காது. பேட்டிங் வரிசை போடுகிற கேப்டனைப் போல, யாரை எங்கே இறக்குவது என்று வீடன் யோசித்திருக்கிறார். ஜைல்ஸாக நடித்த ஆன்டனி ஹெட், டாராவாக நடித்த ஆம்பர் பென்சன், ஸ்பைக்காக நடித்த ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் நன்றாகப் பாடுகிறவர்கள். முழுப்பாட்டுகள் அவர்களுக்குப் போயின. டானாக நடித்த மிஷெல் டிராக்டன்பெர்க் பாட்டுக்குப் பதில் நடனம் கேட்டார், கிடைத்தது. பேயாக வந்தவர் பிராட்வே மேடையில் டோனி விருதுகள் வாங்கிய ஹின்டன் பேட்டில். பஃபியாக நடித்த சாரா மிஷெல் கெல்லரின் குரல் மெலிசுதான். ஆனால் வாழ்க்கையைக் கடமைக்கு ஓட்டிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அந்த மெலிவு பொருந்திப்போனது.

குறை ஒன்றுண்டு. வில்லோவாக நடித்த அலிசன் ஹன்னிகன் அதிகம் பாட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவருக்குச் சில வரிகள்தான். விளைவு, எல்லோரையும்விடப் பெரிய தப்பு செய்தவள் எதையும் ஒப்புக்கொள்ளாமல் தப்பித்துக்கொள்கிறாள். ரகசியம் பாட்டாக வெளியே வரும் என்ற விதி, அது அதிகம் தேவைப்பட்ட ஆளிடம் பலிக்கவில்லை. டாரா தானே கண்டுபிடிப்பதாகக் கதையை அமைத்து வீடன் சமாளித்திருக்கிறார். ஓட்டை தெரியத்தான் செய்கிறது.

பிறகு வந்தவர்கள் என்ன செய்தார்கள்? ‘கிரேஸ் அனாட்டமி’ 2011இல் ஒரு இசை எபிசோட் எடுத்தது. விபத்தில் அடிபட்ட டாக்டர் காலியின் மூளையில் எல்லோரும் பாடுகிறார்கள். காரணம் நல்ல காரணம். ஆனால் பாடியவை ஏற்கெனவே வெளிவந்த பாட்டுகள். வேறு யாருக்கோ எழுதிய வரிகளால் இந்த டாக்டரின் ரகசியத்தைச் சொல்ல முடியாது. அதனால் பாட்டுக்கு இடையிலான அறுவைசிகிச்சைதான் கதையை நகர்த்தியது. 2023இல் ‘ஸ்டார் ட்ரெக்: ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ புதுப் பாட்டுகள் எழுத வைத்து, வீடனின் விதியை விண்கலத்துக்கு ஏற்றியது. கேப்டன் பைக் தன் காதலியோடு உள்ள தனிப்பட்ட சிக்கலை, கட்டுப்பாட்டு அறையில் ஊழியர்கள் அத்தனை பேர் முன்னாலும் பாடித் தொலைக்கிறார். பாதுகாப்பு அதிகாரி லாஆன் இதைக் கலத்துக்கே ஆபத்து என்கிறாள். மனசில் உள்ளது வெளியே வந்துவிடும் என்பதைக் கலத்தின் பாதுகாப்புப் பிரச்சினையாக்கியது கெட்டிக்காரத்தனம்.

எந்த இசை எபிசோடையும் எடைபோட அடுத்த வாரத்தைப் பார்த்தால் போதும். ‘பஃபி’யின் அடுத்த எபிசோடிலேயே ஜைல்ஸ் ஊரைவிட்டுப் போகிறார், டாரா வில்லோவைப் பிரிகிறாள். அதே சீசனில் சாண்டர்–ஆன்யா கல்யாணமும் நின்றுபோகிறது. ஒரு குறையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்த வகையில் இதுவரை வந்தவற்றில் முதலிடம் இன்னமும் 2001க்குத்தான்.