மூன்று மொழிகளுக்கிடையே ஒரு விடை: அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை முன்வைத்து

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூரின் தொழிற்பேட்டையில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பலர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கான இ.எஸ்.ஐ. விவரங்களைக் கேட்டுச் சொல்லும் பணியாளர் தமிழில் கேட்பதும், விதி ஆங்கிலத்தில் இருப்பதும், விடை ஒடியாவில் போய்ச் சேரவேண்டியிருப்பதும் அங்கே இயல்பான தேவைகள். இத்தேவையை ஆராயும் துறைக்கு மொழிகடந்த வினாவிடை என்று பெயர். வினாவுக்குரிய பத்தியைக் கண்டெடுத்தல், அதிலிருந்து விடையைப் பிரித்தல், விடையை வேண்டிய மொழியில் சொல்லுதல் என்னும் மூன்று படிகள் இதில் உண்டு.

முதற்படிக்கு இருவழிகள் வழக்கில் உள்ளன. வினாவை ஆவணத்தின் மொழிக்கு மாற்றித் தேடுவது ஒன்று. பல மொழிச் சொற்றொடர்களையும் பொருள் நெருக்கத்தைக் காட்டும் எண்வரிசைகளாக மாற்றி, மொழிபெயர்க்காமலேயே ஒப்பிடுவது மற்றொன்று. 2019-இல் வெளிவந்த எம்.எல்.கியூ.ஏ. என்னும் சோதனைத் தொகுப்பு, இந்தி உட்பட ஏழு மொழிகளில், வினா ஒரு மொழியிலும் பத்தி வேறொரு மொழியிலும் இருக்கும் நிலையை அளந்தது. ஆனால் விடை பத்தியிலிருந்தே வெட்டியெடுக்கப்படுவதால் அது பத்தியின் மொழியிலேயே நின்றுவிடும். அடுத்து வந்த எக்ஸ்.ஓ.ஆர். கியூ.ஏ., தெலுங்கு உட்பட ஏழு மொழிகளில் கேட்ட வினாக்களுக்கு ஆங்கிலக் கட்டுரைகளில் விடை தேடி, கேட்ட மொழிக்கே அதைத் திருப்பித் தந்தது. தமிழ் இவ்விரண்டிலும் இல்லை. 2021-இல் இந்திக்கும் தமிழுக்கும் நடந்த சாயி போட்டியிலோ வினாவும் பத்தியும் ஒரே மொழியில் இருந்தன. ஆக, இந்த அளவுகோல்கள் இரு மொழிகளோடு நின்றுவிட, மூன்றாம் மொழியின் பிழை அளக்கப்படாமலே போகிறது.

அந்தப் பிழை எங்கே பிறக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். நாள் சராசரிக் கூலி 500 ரூபாய் உள்ள, சில ஆண்டுகளாகவே பணியிலிருக்கும் ஒடியாத் தொழிலாளர் ஒருவர், பிப்ரவரியில் காய்ச்சலால் ஆறு நாள் வேலைக்கு வரவில்லை என்று கொள்வோம். "ஜுரத்துக்கு ஆறு நாள் லீவு போட்டவருக்குப் பணம் வருமா?" என்பது பணியாளரின் கேள்வி. இதில் இ.எஸ்.ஐ. என்ற பெயரே இல்லாததால், தேடல் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு பற்றிய தொழிற்சாலைச் சட்டப் பகுதிக்குப் போய்விட வாய்ப்புண்டு. அப்போது வரும் விடை பிழையற்ற ஒடியாவில் இருந்தாலும், கேள்விக்குத் தொடர்பற்றதாக இருக்கும்.

சரியான பத்தி கிடைத்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. இ.எஸ்.ஐ. விதிப்படி, ஜனவரி முதல் ஜூன் வரையிலான பலன் காலத்துக்குக் கணக்கில் வருவது, அதற்கு முந்தைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சந்தா காலமே. அதில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். இதைக் "கடந்த ஆறு மாதம்" என்று சுருக்கினால் ஆகஸ்டு முதல் ஜனவரி வரை எண்ணிவிட நேரும். நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை என்பதும், முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி நோயுற்றால் அவ்விரு நாளும் கழிக்கப்படா என்பதும் எளிதில் விடுபடும் துணைவிதிகள். தகுதி இருந்து, முந்தைய நோய் இல்லையெனில், இந்தத் தொழிலாளருக்கு நான்கு நாளுக்கு நாளொன்றுக்கு 350 வீதம் 1,400 ரூபாய் வரும். துணைவிதி விடுபட்டால் விடை 2,100 என்று வந்து நிற்கும்.

கடைசிப் படியிலும் ஆங்கிலம் மறைந்திருக்கிறது. 2021-இல் வெளிவந்த சமானந்தர் தொகுப்பில் இந்திய மொழி இணைகள் ஆங்கிலத்தை இடைமொழியாக வைத்தே திரட்டப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் 2023-இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2, எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளையும் கையாளுகிறது. என்றாலும் மொழிபெயர்ப்பு சரளமாக இருப்பது அதன் எண் சரி என்பதற்குச் சான்றாகாது. படிக்குப் பத்தில் ஒன்று தவறும் என்று வைத்து, அத்தவறுகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், மூன்று படிகளும் சரியாக அமைவது நூற்றுக்கு 73 முறையே. விடையைத் தமிழுக்குத் திருப்பி மொழிபெயர்த்துப் பார்ப்பதும் போதாது. தவறான பத்தியிலிருந்து வந்த விடை, திரும்பி வரும்போதும் பழுதின்றியே வரும்.

ஆகவே விடையை முதலில் ஆவணத்தின் மொழியிலேயே, அதற்கு ஆதாரமான விதியின் வாக்கியத்தோடு முடிவு செய்து, நாள், தொகை, விலக்கு ஆகிய மூன்றையும் அவ்வாக்கியத்தோடு ஒத்துப்பார்த்த பிறகே மூன்றாம் மொழிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மூல வாக்கியம் உடன் வராத ஒடியா விடையைத் தொழிலாளரிடம் கொடுக்கலாகாது.